பேட்டியை விரைவாகத் தொகுக்க ஏழெட்டு விசைகள் போதும்

சென்ற மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலை கட்டும் பெரியவர் ஒருவரை அவருடைய கடையிலேயே உட்கார வைத்துப் பேட்டி எடுத்தோம். பதிவு மொத்தம் 22 நிமிடம் 40 விநாடி. பெரியவர் நிதானமாகப் பேசுகிறவர். ஒரு வாக்கியம் முடிந்தால் கையிலிருக்கும் சரத்தில் இரண்டு பூ சேர்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவார். என்னிடம் தொகுப்புக் கற்றுக்கொள்ள வரும் தம்பி ஒருவர் அந்த இடைவெளிகளை வெட்டி எடுக்க மவுஸோடு உட்கார்ந்தார். கத்தரிக் கருவியை எடுத்தார், தொடக்கத்தில் ஒரு சொடுக்கு, முடிவில் ஒரு சொடுக்கு, மறுபடி அம்புக்குறிக் கருவி, நடுத்துண்டைத் தேர்ந்தெடுத்தல், அழித்தல், பிறகு விழுந்த பள்ளத்தை மூடுதல். மாலை முழுவதும் இதைச் செய்தும் அவர் பதிவின் ஆறாவது நிமிடத்தைத் தாண்டவில்லை. அவருக்கு மறுநாள் நான் காட்டிய முறையை, அடோபி பிரீமியர் புரோ என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளுக்குப் புதிதாக வருகிற மற்றவர்களும் பின்பற்றும்படி இங்கே எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் அடோபி பிரீமியர் புரோ மென்பொருளுக்கும் விண்டோஸ் கணினிக்கும் உரியவை. மேக் கணினி வைத்திருப்பவர்கள் Ctrl என்று வரும் இடத்தில் Command விசையையும், Alt என்று வரும் இடத்தில் Option விசையையும் அழுத்தினால் பெரும்பாலும் அதே வேலை நடக்கும். குறுக்குவிசைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்றாலும், பேட்டியையோ உரையையோ முதல் சுற்றில் வெட்டுவதற்கு அவற்றில் ஏழெட்டு இருந்தால் போதும். ஆகவே அந்த ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். வண்ணத் திருத்தம், எழுத்துச் சேர்ப்பு ஆகியவற்றுக்கான விசைகளை அந்தந்த வேலை வரும்போது கற்றுக்கொள்ளலாம்.

முதலில் விசைப்பலகையின் மொழி

தமிழில் தட்டச்சு செய்கிற நாம் எல்லாரும் ஒருநாள் மாட்டிக்கொள்கிற இடம் இது என்பதால் இதை முதலில் வைக்கிறேன். பேட்டியைத் தொகுக்கும்போது கேள்விக் குறிப்புகளை வேறொரு சாளரத்தில் தமிழில் எழுதிக்கொண்டிருப்போம். முரசு அஞ்சலோ, விண்டோஸோடு வருகிற தமிழ் விசைப்பலகையோ அப்போது இயங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே பிரீமியருக்குத் திரும்பி Q விசையை அழுத்தினால், மென்பொருளுக்குப் போய்ச் சேர்வது Q அல்ல, ஒரு தமிழ் எழுத்து. திரையில் ஒன்றும் நடக்காது. விசை பழுதாகிவிட்டது என்றோ, மென்பொருள் உறைந்துவிட்டது என்றோ நினைத்துக் கணினியையே மறுபடி தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிப்பது எளிது: திரையின் கீழ் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ENG என்று இருக்கிறதா, தமிழ் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். மொழியை மாற்ற விண்டோஸ் விசையையும் Space விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். தனி மென்பொருள் வழியாகத் தமிழ் எழுதுகிறவர்கள் அந்த மென்பொருளிலேயே ஆங்கிலத்துக்கு மாற வேண்டும்.

விண்டோஸின் சொந்த விசைப்பலகையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதை ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிட வழி இருக்கிறது. Settings திறந்து, Time & language, அதற்குள் Typing, அதற்குள் Advanced keyboard settings என்று போங்கள். அங்கே Let me use a different input method for each app window என்ற வரி இருக்கும். அதன் பெட்டியில் குறியிடுங்கள். அதன் பிறகு குறிப்பெழுதும் சாளரம் தமிழிலும் பிரீமியர் ஆங்கிலத்திலும் தனித்தனியாக நிற்கும்.

அதே பக்கத்தில் Input language hot keys என்ற இணைப்பும் இருக்கிறது. பல கணினிகளில் இடப்பக்க Alt விசையையும் Shift விசையையும் சேர்த்து அழுத்திவிட்டால் மொழி மாறும்படி அது அமைந்திருக்கும். பிரீமியரில் திரை அமைப்பை மாற்றும் விசைகளும் Alt+Shift என்றே தொடங்குகின்றன. அந்த இரண்டையும் அழுத்திவிட்டு, எண்ணை அழுத்தாமல் கையை எடுத்தால் மொழி மாறிவிடும். நமக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே அந்த இணைப்பைத் திறந்து, Change Key Sequence என்பதைச் சொடுக்கி, Switch Input Language என்பதன் கீழே Not Assigned என்று வைத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் Space விசையும் எப்போதும் இருக்கவே இருக்கின்றன.

திரையை ஒழுங்குபடுத்துதல்

பிரீமியரை நிறுவியதும் கிடைக்கிற திரை எல்லா வேலைக்கும் பொதுவானது. பேட்டி வெட்டுவதற்கு அதில் பாதிக்கு மேல் தேவையில்லை. 14 அங்குல மடிக்கணினியில் அந்தப் பாதி நம்முடைய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வேலையில் கண் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: பேசுகிறவரின் முகம், அவருடைய ஒலியின் அலைவடிவம். முகம் Program பேனலில் தெரியும், அலைவடிவம் Timeline பேனலில் தெரியும். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் இடம்விட்டு ஒதுங்கலாம்.

முதலில் Timeline பேனலைத் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை நீட்டுங்கள். ஒரு பேனலை நகர்த்த, அதன் பெயர் எழுதியிருக்கும் இடத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது மற்ற பேனல்களின் மேல் நிறம் மாறிய பகுதிகள் தெரியும். அந்தப் பேனலின் நடுவில் விட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும், ஓரத்தில் விட்டால் அந்தப் பக்கத்தில் தனியாக நிற்கும். புதியவர்களின் குழப்பம் பெரும்பாலும் இந்த நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் வருகிறது. தவறான இடத்தில் விட்டுவிட்டால் பதற வேண்டாம், மறுபடி இழுத்து வைக்கலாம்.

Timeline கீழே முழு அகலத்துக்கு வந்த பிறகு, அதன் மேல் விளிம்பைப் பிடித்து உயர்த்தித் திரையின் பாதி உயரம்வரை கொண்டுவாருங்கள். மேற்பாதியின் வலப்பக்கத்தில் Program பேனல் இருக்கட்டும். இடப்பக்கத்தில் Project பேனல் குறுகலாக இருக்கட்டும். Source, Effect Controls போன்றவற்றை Project பேனலின் நடுவில் கொண்டுபோய்விட்டால் அவை அதற்குப் பின்னால் அடுக்காக மறைந்துகொள்ளும். Shift+2 அழுத்தினால் Source முன்னே வரும், Shift+1 அழுத்தினால் Project திரும்பும். எதையும் மூடிவிட வேண்டியதில்லை.

இப்போது Timeline பேனலின் உள்ளே ஒலித்தடத்தை உயர்த்த வேண்டும். Timeline பேனலை ஒருமுறை சொடுக்கி, அதைச் சுற்றி நீலக்கோடு வந்ததை உறுதிசெய்துகொண்டு, Alt விசையைப் பிடித்தபடி = விசையைச் சில முறை அழுத்துங்கள். ஒலித்தடங்களின் உயரம் கூடி, மெல்லிய கோடாக இருந்த அலைவடிவம் மேடும் பள்ளமுமாகத் தெரியும். பெரியவர் பேசுகிற இடங்கள் மேடுகள். பூக்கட்டுகிற இடங்கள் தட்டையான வெளிகள். இந்த ஒரு மாற்றத்தினாலேயே எங்கே வெட்ட வேண்டும் என்பது காதுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

அமைப்பு பிடித்திருந்தால் Window பட்டியலில் Workspaces என்பதைத் திறந்து, Save as New Workspace என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு பெயர் கொடுங்கள். இனி எந்தப் பேனல் எங்கே ஓடினாலும் Alt+Shift+0 அழுத்தினால் சேமித்த நிலைக்கே திரை திரும்பும். அமைப்பைப் பிறகு திருத்தினால், அதே பட்டியலில் உள்ள Save Changes to this Workspace என்பதை அழுத்த மறக்க வேண்டாம். மறந்தால் Alt+Shift+0 உங்களைப் பழைய நிலைக்கே கொண்டுபோகும்.

Esc விசைக்குக் கீழே உள்ள ` விசையைப் பற்றியும் ஒரு சொல். மவுஸ் எந்தப் பேனலின் மேல் இருக்கிறதோ அதை அது திரை முழுவதற்கும் விரிக்கும். மீண்டும் அழுத்தினால் பழைய அளவுக்குச் சுருங்கும். தெரியாமல் கைபட்டு அழுத்தியவர்கள், எல்லாம் காணாமல் போய்விட்டது என்று அஞ்சுவதுண்டு. தெரிந்தே பயன்படுத்தினால், சிறிய திரையில் நீண்ட பேட்டியின் அலைவடிவத்தைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

வலக்கைக்கு மூன்று விசைகள்

வலக்கையின் ஆட்காட்டி விரலை J மேலும், நடுவிரலை K மேலும், மோதிர விரலை L மேலும் வையுங்கள். L முன்னோக்கி ஓடவிடும், K நிறுத்தும், J பின்னோக்கி ஓடவிடும். L விசையை இன்னொரு முறை அழுத்தினால் வேகம் கூடும். மீண்டும் அழுத்தினால் இன்னும் கூடும். நிதானமாகப் பேசுகிறவரின் பேட்டியை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டாலும் ஒவ்வொரு சொல்லும் புரியும், ஏனென்றால் Preferences பகுதியில் Audio என்பதன் கீழே Maintain pitch while shuttling என்ற குறியீடு இருந்தால் வேகம் கூடினாலும் குரல் கீச்சென்று மாறுவதில்லை. உங்களுக்குக் குரல் மாறிக் கேட்டால் அந்தக் குறியீட்டைப் பாருங்கள்.

K விசையைப் பிடித்தபடியே L விசையை ஒருமுறை தட்டினால் படம் ஒரே ஒரு ஃபிரேம் முன்னே நகரும். J விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் பின்னே வரும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் மெதுவாக ஓடும். சொல் எங்கே முடிகிறது என்று நுணுக்கமாகக் கேட்க இது உதவும். எங்கள் பேட்டி விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற கணக்கில் பதிவானது. ஆகவே ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிவிநாடி. கைப்பேசியில் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் விநாடிக்கு 30 என்று இருக்கும். கணக்குச் சற்று மாறுமே தவிர முறை மாறாது.

முதல் நாள் இந்த மூன்றைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம் என்றுதான் தம்பியிடம் சொன்னேன். மவுஸை எடுத்து இடப்பக்கம் வைத்துவிட்டு, பேட்டி முழுவதையும் ஒருமுறை J, K, L கொண்டே கேட்டு முடித்தார். கை அந்த இடத்தில் பழகாமல் வெட்டும் விசைகளுக்குப் போனால், ஒவ்வொரு முறையும் கண் திரையை விட்டு விசைப்பலகைக்கு இறங்கும்.

வெட்டும் முறை

இப்போது இடக்கை. Q விசை, பிளேஹெட்டுக்கு முன்னால் உள்ள வெட்டுப்புள்ளியிலிருந்து பிளேஹெட் நிற்கும் இடம்வரை உள்ளதை நீக்கி, விழுந்த பள்ளத்தையும் தானே மூடிவிடும். W விசை, பிளேஹெட் நிற்கும் இடத்திலிருந்து அடுத்த வெட்டுப்புள்ளிவரை உள்ளதை அதே போல நீக்கும். Ctrl+K, பிளேஹெட் நிற்கும் இடத்தில் ஒரு வெட்டுப்புள்ளியை உண்டாக்கும். பிளேஹெட் என்பது டைம்லைனில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் செங்குத்துக் கோடு.

பெரியவருடைய பேட்டியில் வந்த ஓர் இடத்தைப் பார்ப்போம். "எங்க தாத்தாதான் இந்தக் கடையப் பாத்து எடுத்தது. அவரு வந்து," என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்துகிறார், நாரை இழுத்து முடிச்சிடுகிறார், பிறகு "முன்னாடி கூடையில வச்சுதான் வித்துக்கிட்டிருந்தாரு," என்று தொடர்கிறார். "வந்து" என்ற சொல் ஒலித்து அடங்கியதும் நான் K அழுத்தி நிறுத்தினேன். நேரக்குறி 00:03:12:08 என்று காட்டியது. அங்கே Ctrl+K அழுத்தி வெட்டுப்புள்ளி வைத்தேன். மறுபடி L, "முன்னாடி" தொடங்குவதற்குச் சற்று முன்னால் K. நேரக்குறி 00:03:15:20. அங்கே Q. இடையில் இருந்த 3 விநாடி 12 ஃபிரேம், அதாவது 87 ஃபிரேம், போய்விட்டது. பிளேஹெட் 00:03:12:08 என்ற இடத்துக்குத் தானே வந்து நின்றது. பின்னால் இருந்த பேச்சு முழுவதும் முன்னே நகர்ந்து ஒட்டிக்கொண்டது. மொத்த நீளம் 22 நிமிடம் 40 விநாடியாக இருந்திருந்தால் அது 22:36:13 ஆகிவிடும்.

அழுத்திய விசைகளின் வரிசை இவ்வளவுதான்:

```
K
Ctrl+K
L
K
Q
```

மவுஸால் செய்தால் ஏறத்தாழ இதே எண்ணிக்கையில்தான் செயல்கள் வரும் என்று யாராவது சொன்னால் அதை மறுக்க மாட்டேன். ஆனால் மவுஸில் ஒவ்வொரு செயலுக்கும் குறி பார்க்க வேண்டும். கருவியை மாற்ற வேண்டும். வெட்டின இடத்தை மறுபடி தேட வேண்டும். இங்கே கை இருந்த இடத்திலேயே இருக்கிறது, காது பேச்சிலேயே இருக்கிறது. வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

W விசை எப்போது தேவைப்படும் என்றால், ஒரு பதில் முடிந்து அடுத்த கேள்விக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு வெட்டுப்புள்ளி இருக்கும்போது. பதிலின் கடைசிச் சொல் முடிந்ததும் நிறுத்தி W அழுத்தினால் மீதி வால் போய்விடும். பேட்டியின் தொடக்கத்தில் ஒலிவாங்கியைச் சரிசெய்த பகுதியை நீக்க, முதல் சொல்லுக்குச் சற்று முன்னால் நின்று Q ஒருமுறை அழுத்தினால் போதும். கிளிப்பின் தொடக்கமே ஒரு வெட்டுப்புள்ளி என்பதால் அங்கே Ctrl+K வேண்டியதில்லை.

எந்த ஃபிரேமில் நிற்பது

வெட்டும் விசைகளை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். எந்த ஃபிரேமில் நிறுத்துவது என்பதுதான் நேரம் எடுக்கும். அலைவடிவத்தை மட்டும் பார்த்து வெட்டுகிறவர்கள் தமிழ்ப் பேச்சில் இரண்டு இடங்களில் தவறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஒன்று, சொல்லின் கடைசியில் வரும் உகரம். வந்து, பார்த்து, பத்து போன்ற சொற்களில் அந்த உகரம் குறுகி, மூச்சோடு கலந்து தேய்ந்து முடியும். இலக்கணத்தில் குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அலைவடிவத்தில் அது மேடாகவே தெரியாது. தட்டையான வெளி தொடங்கிவிட்டதாகக் கண் ஏமாறும். அங்கே வெட்டினால் "வந்து" என்பது "வந்த்" என்று அறுந்து கேட்கும். மேடு முடிந்ததாகத் தெரிகிற இடத்திலிருந்து மேலும் ஐந்தாறு ஃபிரேம் தள்ளி வெட்டுங்கள். Shift விசையைப் பிடித்து வலது அம்புக்குறியை அழுத்தினால் ஒரே தாவலில் ஐந்து ஃபிரேம் நகரும்; இதற்கு அது மிகவும் வசதி.

மற்றொன்று, சொல்லின் தொடக்கம். பத்து, கடை, தாத்தா என்று வல்லினத்தில் தொடங்கும் சொற்கள் அலைவடிவத்தில் சுவர்போலச் சட்டென்று எழும். அவற்றுக்கு மூன்று ஃபிரேம் முன்னால் நின்றாலே போதும். ஆனால் முன்னாடி, நாங்க, வீடு என்று மகரத்திலோ நகரத்திலோ வகரத்திலோ தொடங்குபவை மெதுவாக ஏறுகின்றன. மேடு தெரிகிற இடத்தில் சொல் பாதி தொடங்கியிருக்கும். அவற்றுக்கு ஆறேழு ஃபிரேம் முன்னால் நில்லுங்கள்.

வெட்டியது சரியா என்று பார்க்க, பிளேஹெட் வெட்டுப்புள்ளியில் இருக்கும்போதே Shift+K அழுத்துங்கள். இரண்டு விநாடி முன்னிருந்து இரண்டு விநாடி பின்வரை ஓடிக் காட்டும். வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தால் மேல் அம்புக்குறி முந்தைய வெட்டுப்புள்ளிக்கும், கீழ் அம்புக்குறி அடுத்ததற்கும் கொண்டுபோகும். ஆனால் ஒவ்வொரு வெட்டையும் அப்போதைக்கப்போது சரிபார்க்கத் தொடங்கினால் முதல் சுற்று முடியாது. பத்து நிமிடப் பேச்சை வெட்டி முடித்துவிட்டு, பிறகு கீழ் அம்புக்குறியும் Shift+K விசையுமாக வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவது என் வழக்கம்.

தவறு நேரும் இடங்கள்

Ctrl+K வைக்க மறந்து Q அழுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. மேலே சொன்ன இடத்தில் முந்தைய வெட்டுப்புள்ளி 00:02:50:00 என்று இருந்து, நான் நடுவில் புள்ளி வைக்காமல் 00:03:15:20 என்ற இடத்தில் Q அழுத்தியிருந்தால், தாத்தா கடையை எடுத்த கதை உட்பட 25 விநாடி 20 ஃபிரேம் போயிருக்கும். பள்ளமும் மூடிக்கொள்வதால் கண்ணுக்கு எதுவும் விடுபட்டதாகத் தெரியாது. பிளேஹெட் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பின்னால் தாவியதா என்று ஒவ்வொரு Q அழுத்தும்போதும் ஓரக்கண்ணால் பாருங்கள். அப்படித் தாவியிருந்தால் உடனே Ctrl+Z. நாலைந்து வெட்டுக்குப் பிறகு கவனித்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரும். இந்தக் காரணத்துக்காகவே, தொடங்கும் முன் Project பேனலில் சீக்வென்ஸின் மேல் வலச்சொடுக்குச் செய்து Duplicate என்று ஒரு நகல் எடுத்து வைத்துவிடுகிறேன்.

அடுத்தது தடங்களின் இலக்கு. ஒவ்வொரு தடத்தின் இடப்பக்கத் தலைப்பகுதியிலும் V1, A1 என்ற பெயர்கள் தெரியும்; சில வேளைகளில் அவை இரண்டு வரிசையாக இருக்கும். பூட்டுச் சின்னத்துக்கு வலப்பக்கம் உள்ள வரிசைதான் நமக்கு வேண்டியது. அது நீலமாக இருக்கும் தடங்களில் மட்டுமே Q, W, Ctrl+K மூன்றும் வேலை செய்யும். கேமராவின் ஒலி A1 தடத்திலும், சட்டையில் மாட்டிய ஒலிவாங்கியின் ஒலி A2 தடத்திலும் இருந்தால் இரண்டையும் நீலமாக்க வேண்டும். ஒன்று விடுபட்டால் அந்தத் தடம் வெட்டப்படாது. உதடும் குரலும் பிரிந்துவிடும். ஒரே கோப்பின் படமும் ஒலியும் இப்படிப் பிரிந்தால் கிளிப்பின் தொடக்கத்தில் சிவப்பு எண் ஒன்று தோன்றி, எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும். ஆனால் தனியாகப் பதிவுசெய்த ஒலிக்கு அந்த எச்சரிக்கை வராது. அங்கே உதட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின்னணி இசையை முதல் சுற்று முடியும்வரை டைம்லைனில் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது, நீலக்கோடு எந்தப் பேனலைச் சுற்றி இருக்கிறது என்பது. எழுதும் பெட்டி எதிலாவது கர்சர் நின்றுகொண்டிருந்தால் Q அழுத்தும்போது அங்கே எழுத்துதான் விழும். Shift+3 அழுத்தினால் கவனம் டைம்லைனுக்குத் திரும்பும். விசை வேலை செய்யாதபோது நான் பார்க்கும் வரிசை இது: முதலில் மூலையில் மொழி, அடுத்து நீலக்கோடு, அதற்கடுத்துத் தடங்களின் நீலம். இந்த மூன்றுக்குள் காரணம் அகப்படாத நாள் எனக்கு அரிது.

ஒரே ஒரு மாற்றம்

Ctrl+K அழுத்த வலக்கையின் நடுவிரலும் இடக்கையும் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது. இது நாள்பட உறுத்தும். Ctrl+Alt+K அழுத்தினால் விசைகளை மாற்றும் சாளரம் திறக்கும். அங்கே தேடும் பெட்டியில் Add Edit என்று தேடி, அதற்கு Z விசையைக் கொடுக்கலாம். Z ஏற்கெனவே பெரிதாக்கும் கருவிக்குரியது என்று மென்பொருள் எச்சரிக்கும்; பெரிதாக்க = விசையும், சிறிதாக்க - விசையும், பேட்டி முழுவதையும் ஒரே பார்வையில் காண \ விசையும் இருப்பதால் அந்தக் கருவி நமக்குத் தேவைப்படாது. மாற்றிய பிறகு Save As கொடுத்து உங்கள் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். அதன் பின் Z, Q, W மூன்றும் இடக்கையிலும், J, K, L மூன்றும் வலக்கையிலும் அமைந்துவிடும்.

இதற்கு மேல் எதையும் மாற்ற வேண்டாம் என்று புதியவர்களுக்குச் சொல்கிறேன். நம்மில் பலர் நண்பர் வீட்டுக் கணினியிலும் கல்லூரிக் கணினியிலும் மாறி மாறி உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். பத்து விசைகளை மாற்றி வைத்தவர் வேறு இடத்தில் உட்காரும்போது கை தடுமாறும். ஒன்றை மாற்றியவர் Ctrl+K விசையை நினைவுபடுத்திக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

இரண்டாம் சுற்று

முதல் சுற்று முடிந்தபோது பெரியவரின் பேச்சு இடைவெளிகள் நீங்கி 16 நிமிடத்துக்கு வந்திருந்தது. தம்பி அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "அண்ணே, இவரு இப்படிப் பேசுறவர் இல்லையே," என்றார். அவர் சொன்னது சரி. எல்லா இடைவெளியையும் ஒரே அளவுக்குச் சுருக்கியதால், நிதானமான மனிதர் மூச்சுவிடாமல் பேசுவதுபோல் ஆகிவிட்டது. விசைகள் வேகமாகும்போது இது எல்லாருக்கும் நேர்கிறது.

ஆகவே இரண்டாம் சுற்றில் சில இடைவெளிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டுப்புள்ளிக்கு மேல், கீழ் அம்புக்குறிகளால் போய் நின்று, Shift+T அழுத்தினால் அந்தப் புள்ளி தேர்வாகி, Program பேனல் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இடப்பக்கம் வெட்டுக்கு முன் உள்ள படம், வலப்பக்கம் பின் உள்ள படம். வெட்டுக்குப் பின் உள்ள கிளிப்பின் தொடக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால், மறைந்திருந்த இடைவெளியின் கடைசிப் பகுதி வெளியே வரும். அதைச் செய்யும்போது சுட்டி மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். சிவப்பாக இருந்தால் அது பள்ளத்தை உண்டாக்கும் அல்லது இரண்டு கிளிப்பையும் சேர்த்து நகர்த்தும் வகையைச் சேர்ந்தது. Ctrl விசையைப் பிடித்தால் மஞ்சளுக்கு மாறும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மவுஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கொடுப்பது என்று நாங்கள் ஒவ்வோர் இடமாகக் கேட்டு முடிவுசெய்தோம். "கூடையில வச்சுதான் வித்துக்கிட்டிருந்தாரு" என்பதற்குப் பிறகு 30 ஃபிரேம், ஒரு விநாடிக்குச் சற்று அதிகம், திரும்பக் கொடுத்தோம். அந்த ஒரு விநாடியில் பெரியவர் கையிலிருந்த சரத்தைப் பார்க்கிறார். அந்தப் பார்வை இல்லாமல் அடுத்த வாக்கியம் நிற்கவில்லை.